உறவினரின் குறுக்கு விசாரணை

காதணி விழாவுக்குச் செல்லும் வாலிபன், கூண்டேறிய பிரதிவாதியினும் நிராதரவானவன். அவனுக்கு வக்கீலும் இல்லை.

மதுரை, திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களில், "சம்பளம் எவ்வளவு தம்பி?" என்று தூரத்து மாமா வினவுவது வெறும் ஆவலன்று. அவர் முன்பு செய்த மொய், நோட்டில் ஏறியிருக்கிறது. அது கூடுதலாகத் திரும்பவேண்டிய கடன். 500 ரூபாய் எழுதியவர், 1,000 ரூபாய் எழுதத்தக்கவன் இவன்தானா என்று தராசிலிட்டுப் பார்க்கிறார். வருமானத்தைக் குறைத்துச் சொன்னால் பெண் கிடைக்காது. கூட்டிச் சொன்னாலோ மொய் ஏறும்!

"கலியாணம் எப்போது?" என்றால், கேட்பவர் என்ன முறை என்பதை முதலில் கவனிக்கவேண்டும். பங்காளி கேட்டால் தாராளமாகச் சிரிக்கலாம். அவர் மகள் தங்கை முறை. அத்தையோ தாய்மாமனோ கேட்டால் சிரித்தல் ஆகாது. சிரிப்புச் சம்மதமாகக் கொள்ளப்பட்டு, அடுத்த முகூர்த்தத்துக்குப் பஞ்சாங்கம் புரட்டப்படும்.

முன்னாளில் புகலிடம் ஒன்றிருந்தது: மொய் எழுதும் மேஜை. ஊர், பேர், தொகை என்று அங்கே அமர்ந்தவனே பிறரைக் கேட்பான். அவனை யாரும் கேளார். இப்போதோ பல மண்டபங்களில் கணினி வந்து ரசீது அச்சிடுகிறது. ஆகவே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குள் புகுவதே உத்தமம். அங்கும் சம்பளம் கேட்பவருக்குக் குழம்பு வந்துசேரச் சற்றுத் தாமதமாகும்.