புரப்பேன் எந்தப் படியில் நிற்கிறது?

பிளஸ் ஒன் வேதியியல் தாள்களைத் திருத்திக் கொடுத்த அன்று ஒரு மாணவன் மேசைக்கு வந்தான். "சார், நம்பர் கரெக்ட்தானே? குறி மட்டும்தானே மாறியிருக்கு? அரை மார்க்காவது போடுங்க சார்." அவன் விடை +103.7 கிலோ ஜூல். வர வேண்டியது −103.7. எண்ணில் அவன் சொன்னது முழுக்க உண்மை. கணக்கில் ஒரு கூட்டலும் பிழையில்லை, பெருக்கலும் பிழையில்லை. ஆனால் விடை சொல்லும் செய்தி நேர் எதிரானது. வெப்பத்தை வெளிவிடும் ஒரு வினை, அவன் தாளில் வெப்பத்தை விழுங்கிக்கொண்டிருந்தது.

கேள்வி எளிமையானதுதான். நம் வீட்டு கேஸ் சிலிண்டரில் பியூட்டேனோடு கலந்திருக்கிறதே, அந்தப் புரப்பேன் கார்பனிலிருந்தும் ஹைட்ரஜனிலிருந்தும் உருவாகும்போது எவ்வளவு வெப்ப மாற்றம் நேரும்? இதற்கு உருவாதல் என்தால்பி என்று பெயர். அழுத்தம் மாறாமல் ஒரு வினை நடக்கும்போது வெளியேறும் அல்லது உள்ளே போகும் வெப்பமே என்தால்பி மாற்றம். வெளியேறினால் கழித்தல் குறி, உள்ளே போனால் கூட்டல் குறி.

இதை நேரடியாக அளக்க வழியில்லை. கரித்தூளையும் ஹைட்ரஜனையும் ஒரு பாத்திரத்தில் போட்டுச் சூடாக்கினால் புரப்பேன் மட்டும் வந்து நிற்காது. மீத்தேன், ஈத்தேன் என்று ஏதேதோ கலந்து வரும், அல்லது எதுவுமே வராது. ஆனால் கார்பனை எரிக்கலாம், ஹைட்ரஜனை எரிக்கலாம், புரப்பேனையும் எரிக்கலாம். எரியும்போது வரும் வெப்பத்தை நன்றாக அளக்க முடியும். மூன்று எரிதல்களிலிருந்து, எரியாத நான்காவது ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்கு வழி சொன்னவர் ஜெனீவாவில் பிறந்து ரஷ்யாவில் வளர்ந்த ஜெர்மைன் ஹென்றி ஹெஸ். 1840-இல் அவர் சொன்ன விதி இதுதான்: எந்த வழியில் போனாலும், கிளம்பிய இடமும் சேர்ந்த இடமும் ஒன்றாக இருந்தால் மொத்த வெப்பமும் ஒன்றாகத்தான் இருக்கும். ஆற்றல் அழியாது என்ற பெரிய விதி உலகத்தில் நிலைபெறுவதற்கு முன்பே அவர் இதைச் சொல்லிவிட்டார்.

வகுப்பறையில் இதை ஒரு முக்கோணமாக வரைவோம்.

```
3C + 4H2 ------ ? -----> C3H8
     \                   /
   −2323.7           −2220.0
       \               /
        v             v
         3CO2 + 4H2O
```

மேலே இடது மூலையில் தனிமங்கள், வலது மூலையில் புரப்பேன், கீழ்மூலையில் எரிந்து முடிந்தபின் மிஞ்சும் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும். இரண்டு பக்கமும் ஐந்து மோல் ஆக்சிஜன் சேர்கிறது. ஒரே அளவு என்பதால் படத்தில் அதை எழுதவில்லை. ஒரு மோல் கார்பன் எரிந்தால் −393.5, ஒரு மோல் ஹைட்ரஜன் எரிந்து தண்ணீரானால் −285.8, ஒரு மோல் புரப்பேன் எரிந்தால் −2220.0 கிலோ ஜூல். இடப்பக்கக் கையில் மூன்று கார்பனுக்கு −1180.5, நான்கு ஹைட்ரஜனுக்கு −1143.2, கூட்டினால் −2323.7.

இனி முக்கோணத்தில் நடக்க வேண்டும். இடது மூலையிலிருந்து வலது மூலைக்கு நேர்வழி மூடியிருக்கிறது. எனவே கீழே இறங்கி மறுபக்கம் ஏறுகிறோம். இறங்கும்போது அம்பு போகும் திசையிலேயே போகிறோம், எனவே −2323.7 அப்படியே. ஏறும்போது அம்புக்கு எதிராகப் போகிறோம், எனவே −2220.0 என்பது +2220.0 ஆகிறது. கூட்டினால் −103.7.

மாணவன் தடுக்கி விழுந்தது இங்கேதான். அவன் படம் சரி. ஆனால் படத்தைப் பார்க்காமல், மனப்பாடம் செய்த சூத்திரத்தைப் போட்டிருந்தான்: "விளைபொருள் கழித்தல் வினைபடுபொருள்". உருவாதல் மதிப்புகள் கொடுத்திருந்தால் அது சரியான சூத்திரம். அங்கே தனிமங்கள் கீழ்மூலையில் இருக்கும், அம்புகள் மேல்நோக்கிப் போகும். எரிதல் மதிப்புகள் கொடுத்தால் அம்புகள் கீழ்நோக்கித் திரும்பிவிடுகின்றன, சூத்திரமும் தலைகீழாகிவிடுகிறது. இரண்டு சூத்திரங்களையும் மனப்பாடம் செய்கிறவர்கள் பரீட்சை அறையில் ஒன்றை மற்றதாக நினைத்துவிடுவார்கள். இதற்குச் சூத்திரமே வேண்டாம் என்பது என் கட்சி. அம்போடு போனால் குறி மாறாது, அம்புக்கு எதிராகப் போனால் குறி மாறும். இவ்வளவுதான் தேவை.

சரி, விடை எழுதிய பிறகு குறி சரிதானா என்று எப்படிப் பார்ப்பது? பாடப்புத்தக முக்கோணத்துக்கு ஒரு குறை உண்டு. மேல் இரண்டு மூலைகளையும் ஒரே உயரத்தில் வரைந்துவிடுகிறார்கள். அதனால் கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. நான் அவனை அதே படத்தை உயரக் கணக்கோடு வரையச் சொன்னேன். எரிந்து முடிந்த கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் தரைத்தளம். தனிமங்கள் அங்கே இறங்கும்போது 2323.7 வெளிவிடுகின்றன என்றால், அவை தரையிலிருந்து அவ்வளவு உயரத்தில் இருந்திருக்கின்றன. புரப்பேன் 2220.0 தான் வெளிவிடுகிறது. அப்படியானால் அது மொட்டைமாடிக்கு ஒரு படி கீழே நிற்கிறது. தனிமங்களிலிருந்து புரப்பேனுக்குப் போவது ஒரு படி இறங்குவது. இறங்கினால் வெப்பம் வெளியேறும், குறி கழித்தல். +103.7 என்று எழுதினால், புரப்பேனை மொட்டைமாடிக்கும் மேலே, தண்ணீர்த்தொட்டியின் மீது ஏற்றி வைத்ததாக ஆகிறது. அவன் பென்சிலால் இரண்டு கோடு போட்டான், பார்த்தான், ஒன்றும் பேசாமல் தாளை எடுத்துக்கொண்டான்.

அடுத்த வகைப் பிழை பெருக்கலில் வருவது. இது குறிப்பிழையைவிடச் சத்தமாக வரும், ஆனால் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அன்றைய தாள்களில் ஒருத்தி −1246.9 என்று எழுதியிருந்தாள். புரப்பேனில் எட்டு ஹைட்ரஜன் இருக்கிறதே என்று 285.8-ஐ எட்டால் பெருக்கியிருக்கிறாள். எட்டு என்பது அணுக்களின் எண்ணிக்கை. கொடுத்த மதிப்போ இரண்டு அணு கொண்ட H2 மூலக்கூறுகள் ஒரு மோல் எரிவதற்கானது. இன்னொருவனும் அதே −1246.9 தான் எழுதியிருந்தான், ஆனால் வேறு வழியில் வந்திருந்தான். அவன் ஹைட்ரஜன் எரியும் சமன்பாட்டை 2H2 + O2 → 2H2O என்று எழுதி, அதற்கு −571.6 என்று சரியாகவே கண்டுபிடித்தான். அந்தச் சமன்பாட்டிலேயே இரண்டு மோல் இருப்பதை மறந்து மறுபடி நான்கால் பெருக்கிவிட்டான். இரண்டு பேர், இரண்டு தவறு, ஒரே எண். விடையை மட்டும் பார்த்து ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதாகச் சந்தேகப்பட்டிருப்பேன்.

இந்த வகையைப் பிடிக்கக் கீழ்மூலையைப் பார்க்க வேண்டும். இரண்டு கைகளும் ஒரே இடத்தில் போய் முடிகின்றனவா? புரப்பேன் எரிந்தால் மூன்று கார்பன் டை ஆக்சைடும் நான்கு தண்ணீரும். எட்டு மோல் ஹைட்ரஜன் எரிந்தால் எட்டு தண்ணீர். வலக்கை நான்கு தண்ணீரில் முடிகிறது, இடக்கை எட்டில் முடிகிறது. முக்கோணம் மூடவே இல்லை. மூடாத முக்கோணத்தில் ஹெஸ் விதி வேலை செய்யாது. எண்களைத் தொடுவதற்கு முன்பே கீழ்மூலையில் அணுக்களை எண்ணிவிட்டால் (மூன்று கார்பன், எட்டு ஹைட்ரஜன், பத்து ஆக்சிஜன்) பாதித் தவறுகள் பிறக்கவே பிறக்காது.

சரியான விடை கையில் இருந்து, நம் விடை ஏன் ஒத்துவரவில்லை என்று தேடும்போது இன்னொரு வழி இருக்கிறது. பழைய கணக்குப்பிள்ளைகள் வரவும் செலவும் ஒத்துவராவிட்டால் வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பார்ப்பார்கள். அந்தப் பாதித்தொகை ஏட்டில் எங்காவது இருந்தால், அதுதான் தப்பான பக்கத்தில் ஏறியிருக்கும். இங்கும் அதே கதைதான். ஒருவன் எல்லாவற்றையும் கூட்டி −4543.7 என்று எழுதினான். சரியான விடையோடு வித்தியாசம் 4440. பாதி 2220. புரப்பேனின் குறியைத் திருப்ப மறந்திருக்கிறான். மற்றொருவனுக்கு +483.3 வந்தது. வித்தியாசம் 587.0. பாதியாக்கினால் 293.5, அப்படி ஒரு எண் கணக்கில் இல்லை. உடனே மற்ற மதிப்புகளால் வகுத்துப் பார்க்கலாம்: 393.5-ஐ இரண்டால் பெருக்கினால் 787.0, 587 அல்ல. இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். −103.7-க்கும் +483.3-க்கும் நடுவில் பூச்சியம் இருக்கிறது, எனவே கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும். 587.0 என்பது அப்படிக் கூட்டியதுதான். அங்கே ஒரு மாணவி குறுக்கிட்டுச் சொன்னாள்: "787 சார் வரணும், அப்ப அவன் விடையே 683.3 சார்." தாளை மறுபடி பார்த்தேன். 683.3 தான், ஆறு நான்காகத் தெரிந்திருக்கிறது. 787.0 என்பது இரண்டு 393.5. மூன்று கார்பனுக்குப் பதில் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறான்.

எல்லாவற்றையும்விட மோசமான பிழை மென்மையாக வருவது. +72.3 என்று ஒரு விடை. எண் சின்னது, நம்பும்படி இருக்கிறது, கீழ்மூலை மூடியிருக்கிறது, பெருக்கலும் சரி. வித்தியாசம் 176.0. நான்கால் வகுத்தால் 44.0. இது ஒரு மோல் தண்ணீர் ஆவியாக எடுக்கும் வெப்பம். 285.8 திரவத் தண்ணீருக்கு, 241.8 நீராவிக்கு. புரப்பேனின் 2220.0 திரவத் தண்ணீர் உண்டாகும் என்று வைத்து அளந்தது. ஹைட்ரஜனுக்கு மட்டும் நீராவியின் எண்ணை எடுத்துவிட்டால் இரண்டு கைகளும் மறுபடி வேறுவேறு இடத்தில் முடிகின்றன. அதனால்தான் கீழ்மூலையில் H2O என்று மட்டும் எழுதாமல், பக்கத்தில் திரவம் என்று எழுதச் சொல்கிறோம்.

முக்கோணத்தால் பிடிக்க முடியாத ஒன்றும் உண்டு. −103.7 என்பது இரண்டாயிரத்துச் சொச்சமான இரண்டு எண்களின் வித்தியாசம். புரப்பேன் எரிதலை அளக்கும்போது ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினால் 2.2 கிலோ ஜூல். 2220-க்கு அது தூசு. 103.7-க்கு அது நூற்றில் இரண்டு பங்கு. நூலுக்கு நூல் இந்த மதிப்பு ஒரு கிலோ ஜூல் அளவுக்கு மாறித் தெரிந்தால் உங்கள் கணக்கைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

மீத்தேனுக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். அதன் எரிதல் என்தால்பி −890.3, மற்ற இரண்டும் மேலே சொன்ன எண்களே. −74.8 வர வேண்டும். +74.8 வந்தால் அம்பைப் பாருங்கள். −646.4 வந்தால் அணுக்களை மூலக்கூறுகளாக எண்ணியிருக்கிறீர்கள். +13.2 வந்தால் உங்கள் தண்ணீர் ஆவியாகிப் போயிருக்கிறது.