ஒன்று பிடுங்கினால் பத்து முளைக்குமா?

மும்பை செம்பூரில், செட்டா நகர் முருகன் கோயிலுக்குப் போகிற வழியில்தான் எங்கள் கட்டடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பால்கனியில் உட்காரும் மாமிகள், பக்கத்தில் பேத்தியை நிறுத்திக்கொள்வார்கள். "நரை ஒண்ணுக்கு ஒரு ரூபா" என்று கூலி பேசி, வகிட்டைப் பிரித்துப் பிடுங்கச் சொல்வார்கள். எதிர் வீட்டு மாமி அதைப் பார்த்துவிட்டால் உடனே குரல் வரும்: "பிடுங்காதேடி, ஒண்ணு பிடுங்கினா பத்து முளைக்கும்!" இந்த இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்ற கேள்வி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. இருவர் சொல்வதிலும் பாதிதான் சரி. விட்டுப்போன மறுபாதியால்தான் செம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் வகிடு இரண்டு விரல் அகலத்துக்கு வெளுத்துப்போனது.

பிடுங்கிய நரைமுடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் சின்னதாக ஒரு குமிழ் இருக்கும். வளர்ந்துகொண்டிருந்த முடியானால், குமிழைச் சுற்றிக் கண்ணாடி போல ஈரமான ஒரு உறை ஒட்டிக்கொண்டு வரும். கருப்பு முடியின் குமிழ் கருத்திருக்கும், நரையின் குமிழ் வெளிறியிருக்கும். வளர்ச்சி முடிந்து தானாக உதிர்ந்த முடியில் அந்த உறை இருக்காது. நுனி காய்ந்து, வெள்ளையாகக் கட்டை போல இருக்கும். ஈர உறையைப் பார்த்ததும் "வேரோட வந்துடுச்சு" என்கிறோம். வேர் அதுவல்ல. முடியை வளர்க்கிற உண்மையான கரு மயிர்க்காலின் அடியில் ஒரு சின்ன மொட்டு போல உட்கார்ந்திருக்கிறது. முடிக்குக் கட்டளை கொடுப்பது அந்த மொட்டுதான். பிடுங்கும்போது பெரும்பாலும் அது உள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் சில வாரங்களிலோ மூன்று, நான்கு மாதங்களிலோ அதே குழியிலிருந்து இன்னொரு முடி எட்டிப் பார்க்கிறது.

அது ஏன் மறுபடியும் வெள்ளையாகவே வருகிறது? மயிர்க்காலுக்குள் நெசவும் சாயமும் தனித்தனி வேலைகள். முடியை நெய்கிற செல்கள் வேறு, அதில் மெலனின் என்ற நிறத்தை ஏற்றுகிற செல்கள் வேறு. சாயக்காரச் செல்களுக்கு வேண்டிய இருப்பு, அதாவது மூலச் செல்கள், மயிர்க்காலின் நடுப்பகுதியில் ஒரு புடைப்பில் இருக்கின்றன. தலைமுடி இரண்டு முதல் ஆறு ஆண்டு வளர்கிறது, பிறகு இரண்டு மூன்று மாதம் ஓய்வெடுக்கிறது, உதிர்கிறது, மறுபடி முளைக்கிறது. ஒவ்வொரு முறை முளைக்கும்போதும் அந்த இருப்பிலிருந்து சில செல்கள் கீழே இறங்கிப்போய்ச் சாயம் பூச வேண்டும். இருப்பு தீர்ந்துவிட்டாலோ, இறங்காமல் நின்றுவிட்டாலோ, தறி ஓடுகிறது, துணி வெள்ளையாக வருகிறது. பிடுங்குவதால் தீர்ந்த இருப்பு திரும்பாது. அதே சமயம் பக்கத்துக் குழியின் இருப்பும் இதனால் குறையாது. ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் தனிக்கணக்கு. ஒரு குழியிலிருந்து நரை இன்னொரு குழிக்குத் தொற்றாது.

அப்படியானால் "பத்து முளைக்கும்" என்று பாட்டி காலத்திலிருந்து சொல்கிறார்களே, கண்ணால் பார்க்காமலா சொன்னார்கள்? பார்த்துத்தான் சொன்னார்கள். நாற்பது சென்டிமீட்டர் நீளத்தில் மற்ற முடிகளோடு படிந்து பின்னலுக்குள் போய்க்கொண்டிருந்த நரையைப் பிடுங்குகிறோம். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். புதிதாக வருவது இரண்டு சென்டிமீட்டரில் வகிட்டில் குச்சி போல விறைத்து நிற்கும். எண்ணெய் வைத்தாலும் படியாது. முன்பு தெரியாத ஒன்று இப்போது கண்ணாடியில் முதலில் தெரிகிறது. இதற்குள் மூன்று மாதம் ஓடியிருக்கிறது. அந்த வயதில் பக்கத்தில் இரண்டு மூன்று முடிகள் எப்படியும் நரைத்திருக்கும். பிடுங்கிய இடம் என்பதால் நம் கண் அங்கேயே போய்த் தேடுகிறது. கணக்கில் பத்தாகிவிடுகிறது.

2015இல் இந்த நம்பிக்கைக்கு அறிவியல் முத்திரை குத்தியது போல ஒரு செய்தி வந்தது. அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் செங்-மிங் சுவாங் குழுவினர், எலியின் முதுகில் ஒரு சிறு வட்டத்துக்குள் 200 முடிகளைக் குறிப்பிட்ட நெருக்கத்தில் பிடுங்கியபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட முடிகள் வளர்ந்தன. புதுக் குழிகள் எதுவும் உண்டாகவில்லை என்பதைத் தலைப்புச் செய்திகள் சொல்லாமல் விட்டன. எலியின் முதுகில் முடிகள் கூட்டமாக ஓய்வெடுக்கும், கூட்டமாக விழிக்கும். பிடுங்கியதால் உண்டான காயச் செய்தி சுற்றியிருந்த, ஏற்கெனவே அங்கே தூங்கிக்கொண்டிருந்த மயிர்க்கால்களை எழுப்பியது. மனிதத் தலையில் பத்தில் எட்டு ஒன்பது முடிகள் எப்போதும் வளர்ந்துகொண்டே இருப்பவை, ஒவ்வொன்றும் தன் போக்கில். எழுப்புவதற்கு அங்கே தூங்கும் கூட்டமே இல்லை.

பிடுங்குகிறவர்களைக் கவலைப்பட வைக்க வேண்டியது 2023இல் வந்த இன்னொரு எலி ஆய்வு. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மயூமி இட்டோ குழுவினர் எலிகளின் முடியைத் திரும்பத் திரும்பப் பிடுங்கி, மயிர்க்கால்களைச் செயற்கையாக முதுமையடைய வைத்தார்கள். சாயக்கார மூலச் செல்கள் புடைப்பிலேயே சிக்கி நின்றுவிட்ட மயிர்க்கால்கள் 15 சதவீதத்திலிருந்து ஏறக்குறையப் பாதியாகக் கூடின. எலிக்கு நடந்தது நமக்கும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நரையைத் தேடும் அவசரத்தில் பக்கத்துக் கருப்பு முடியும் சேர்ந்து வருவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் கருப்பு முடியின் குழிக்கு இது நல்லதாக இருக்க வழியில்லை.

இனி அந்த அக்காவின் கதைக்கு வருகிறேன். இருபத்தெட்டு வயதில் ஆரம்பித்தார். புருவம் திருத்தும் இடுக்கியை வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை, வகிட்டின் முன்பக்கத்தில் நாலு விரல்கடை இடத்தில் மட்டும் பிடுங்குவார். ஏழு வருஷம் ஓடியது. முதலில் அங்கங்கே சிவந்து பரு போலப் புடைத்தது. மயிர்க்காலுக்குள் கிருமி புகுந்தால் அப்படித்தான் ஆகும். ஆறிய பிறகு நம் நிறத்துத் தோலில் கருந்தடம் மாதக்கணக்கில் தங்கும். சில இடங்களில் புதுமுடி வெளியே வரத் தெரியாமல் தோலுக்குள்ளேயே சுருண்டுகொண்டது. அதை ஊசியால் குத்தி எடுத்தார். போன வருஷம்தான் வகிடு அகலமாகிவிட்டதைக் கவனித்தார்.

ஒரு அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் கையடக்கமான ஒரு பெரிதாக்கும் கண்ணாடியை மண்டையில் வைத்துப் பார்த்துவிட்டு, தன் மொபைலில் படம் எடுத்து எங்களுக்குக் காட்டினார். முன்பக்கத்தில் ஊசிமுனைத் துளைகள் தெரிந்தன. பிடுங்கிய இடத்தின் பின் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் துளையே இல்லை, தோல் வழவழவென்று மின்னியது. "துளை இருக்கிற இடத்தில் கரு உயிரோடு இருக்கு, கை வைக்காம விட்டா வரும். வழவழப்பா இருக்கிற இடம் தழும்பு. அங்க எண்ணெயும் வேலை செய்யாது, மருந்தும் வேலை செய்யாது" என்றார். வீட்டிலும் நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் இந்த வித்தியாசம் ஓரளவு தெரியும். தோல் மின்ன ஆரம்பித்திருந்தால் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

டாக்டர் இன்னொன்றும் கேட்டார்: "நிறுத்தணும்னு நினைச்சும் நிறுத்த முடியலையா?" அக்கா தலையை ஆட்டினார். கை தானாகப் போகிறது, பிடுங்கியதும் ஒரு நிம்மதி, பிறகு வெட்கம் என்று இருந்தால் அது ட்ரைக்கோட்டிலோமேனியா என்ற கோளாறாக இருக்கலாம். அதற்கு மனநலப் பிரிவில் பேச்சு வழிச் சிகிச்சை உண்டு. அக்காவுக்கு அந்த அளவுக்கு இல்லை, பழக்கம்தான் என்று சொல்லி அனுப்பினார். நரை கண்ணை உறுத்தினால் சின்னக் கத்தரியால் தோலை ஒட்டி வெட்டிவிடுவதுதான் அவர் சொன்ன வழி. குழிக்குச் சேதம் இல்லை, முடி அதிகமாகவும் ஆகாது.

இருபத்தைந்து வயதுக்கு முன்பே நரைத்தால் அதை இளநரை என்று நம் நாட்டு மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அப்பா, அம்மா வழியில் வந்ததாக இருக்கும். ஆனாலும் ரத்தத்தில் பி12, இரும்புச்சத்து, தைராய்டு மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சைவச் சாப்பாடே சாப்பிடுகிற குடும்பங்கள் செம்பூரில் ஏராளம். பால், தயிரும் குறைவாகச் சேர்த்தால் பி12 குறைவது சுலபம். அந்தக் குறையால் வந்த நரை, குறையைச் சரிசெய்ததும் திரும்பக் கருத்ததுண்டு. 2021இல் கொலம்பியா பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், மன அழுத்தம் குறைந்த நாட்களில் சிலரின் ஒருசில முடிகள் பாதியில் மறுபடி நிறம் பெற்றதும் பதிவாகியிருக்கிறது. அங்கும் புதிதாக வளர்ந்த பகுதிதான் கருத்தது. தோலைவிட்டு வெளியே வந்த முடி உயிரில்லாத நார். அதன் நிறத்தை உள்ளிருந்து மாற்ற எதனாலும் முடியாது, மேலே சாயம் பூசலாம், அவ்வளவுதான்.

இதைத் தெரிந்துகொண்டால் பணம் மிஞ்சும். பிடுங்குவதை விட்ட அக்கா, "நரை வேரிலிருந்தே கருக்கும்" என்ற விளம்பரத்தை மொபைலில் பார்த்து 2,400 ரூபாய்க்கு எண்ணெய் வாங்கியிருந்தார். மூன்று மாதத்தில் ஒரு முடியும் மாறவில்லை. மருந்து விதிகளின் ஜே அட்டவணையில், மருந்துகள் குணப்படுத்துவதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாதவற்றின் பட்டியல் இருக்கிறது. முடியின் நிறத்தை மாற்றுவது, இளநரை இரண்டும் அதில் உண்டு. அழகுப் பொருள் என்று சொல்லி விற்றாலும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விடாது. பொய் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரை.

அக்கா 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தார். அதற்குள் விளம்பரம் மாறிவிட்டிருந்தது. நல்லவேளை, வாங்கிய அன்றே அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார். பில்லும் இருந்தது, பாட்டிலில் தயாரிப்பு எண்ணும் உரிம எண்ணும் அழியாமல் இருந்தன. பணம் திரும்பி வந்தது. வராமல் போயிருந்தால், புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாம். செம்பூர் மும்பை புறநகர் மாவட்டத்தில் வருகிறது. பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

போன வாரம் அவர் வகிட்டைக் காட்டினார். ஆறு மாதமாகக் கை வைக்கவில்லை. முன்பக்கத்தில் ஐந்தாறு சென்டிமீட்டரில் முடிகள் வந்திருக்கின்றன, முக்கால்வாசி வெள்ளை. நாணயம் அளவு இடம் அப்படியே இருக்கிறது. வெள்ளையை அப்படியே விட்டுவைத்து, வகிட்டை ஒரு பக்கமாக மாற்றி எடுத்திருக்கிறார்.