வண்டியும் வீடும் – 9: பீமில் முட்டாத டிக்கி

சாவியைப் பையிலிருந்து எடுக்காமலே கார் கதவு எப்படித் திறக்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். கிக் சென்சாரும் அதே சாவியை நம்பித்தான் இயங்குகிறது. இரண்டு கையிலும் மளிகைப் பையோடு வண்டிக்குப் பின்னால் நின்று, பம்பருக்கு அடியில் காலை நீட்டி எடுத்தால் டிக்கிக் கதவு தானே மேலே போகும். 2012-ல் விற்பனைக்கு வந்த ஃபோர்டு எஸ்கேப் இதை நடுத்தர விலை வண்டிகளுக்குக் கொண்டுவந்தது. இன்று நம் ஊர் ஷோரூம்களிலும் பெரிய எஸ்யூவிகளில் கிடைக்கிறது.

இந்த வகைச் சென்சார்களில் பரவலாக இருப்பது, பின் பம்பரின் பிளாஸ்டிக்குக்கு உள்ளே குறுக்காக ஓடும் இரண்டு உணர்கம்பிகள். ஒன்று உங்கள் கெண்டைக்கால் பக்கத்தில் வருவதை உணரும். இன்னொன்று பாதம் அடியில் நுழைவதை உணரும். இரண்டும் ஏறத்தாழ ஒரு நொடிக்குள் மாறிப் பழைய நிலைக்குத் திரும்பினால்தான் அது உதை. காலைப் பக்கவாட்டில் துழாவினாலும், அடியிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாலும் திறக்காது. பந்தைத் தட்டுவதுபோல நேராக உள்ளே, நேராக வெளியே. தண்ணீரும் இந்தக் கம்பிகளை ஏமாற்றும். சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பின் பம்பரில் ஹோஸ் பிடித்தால் கதவு திறந்துகொள்ளலாம். வண்டி கழுவும்போது சாவியை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள், அல்லது செட்டிங்கில் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

பட்டனை அழுத்தித் திறக்கும்போது, கதவு எங்கேயாவது முட்டப்போகிறது என்று கண்டால் மறுபடி அழுத்தி நிறுத்தலாம். காலால் திறக்கும்போது கை ஓய்வாக இருக்காது. வண்டி தன் நினைவில் உள்ள உயரம்வரை கதவைக் கொண்டுபோகும். தடை பட்டால் நின்றுவிடும் என்கிறார்களே என்று கேட்கலாம். மோட்டார் திணறுவதை வைத்துத்தான் கன்ட்ரோல் யூனிட் தடையை அறிகிறது. அதாவது பட்ட பிறகுதான் தெரியும். அதற்குள் கதவின் ஓரத்துப் பெயின்ட் கான்கிரீட்டில் உரசியிருக்கும். ஆகவே, ஸ்டில்ட் பார்க்கிங்கில் நிறுத்துகிறவர்கள் உயர வரம்பை முதல் நாளே வைத்துவிட வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தளம் 240 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, ஆனால் குறுக்கே ஓடும் பீமின் அடிப்பாகம் 200 செ.மீ.தான். டிக்கி முழுதாகத் திறந்தால் அதன் நுனி 208 செ.மீ.க்குப் போகிறது. முதலில் வண்டியைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோய், டிக்கியைக் காலி செய்து, கதவை முழுதாகத் திறங்கள். நுனியிலிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டால், நுனி பம்பருக்கு எவ்வளவு பின்னால் நிற்கிறது என்று தெரியும். பார்க்கிங்கில் அதே இடத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பீமா, அதன் கீழே தொங்கும் கழிவுநீர்க் குழாயா? தரை சரிவாக இருந்தால், பின் சக்கரம் நிற்கும் மட்டத்திலிருந்து அளக்க வேண்டும்.

காலி செய்யச் சொன்னதற்குக் காரணம் உண்டு. டிக்கி நிறையச் சாமான் இருக்கும்போது பின் ஸ்பிரிங் அமுங்கி வண்டி தாழ்ந்திருக்கும். அப்போது அளந்து வைத்தால், சாமானை இறக்கிய மறுநாள் கதவு அதற்கும் மேலே போய் நிற்கும். நம் கணக்கில் 200-க்குக் கீழே 8 செ.மீ. இடைவெளி விட்டு 192 என்று வைப்போம். ஆறடிக்காரர் தலையில் இடிபடாமல் நிற்கவும் அது போதும்.

இனி வேலை எளிது. திறந்தவெளியிலேயே கதவைத் திறந்து, 192-க்குப் பக்கத்தில் வந்ததும் பட்டனை அழுத்தி நிறுத்துங்கள். கையால் மெல்ல நகர்த்திச் சரிசெய்யுங்கள். பிறகு கதவின் அடி ஓரத்தில் உள்ள மூடும் பட்டனை, பீப் ஒலி வரும்வரை, ஏறத்தாழ 3 நொடி, அழுத்திப் பிடியுங்கள். சட்டென்று அழுத்திவிட்டால் கதவு மூடத் தொடங்கும், எதுவும் பதிவாகாது. சில வண்டிகளில் இந்த உயரத்தைத் திரையின் மெனுவிலும் படிப்படியாக மாற்றலாம். நொடிக் கணக்கும் பீப் எண்ணிக்கையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் கையேட்டின் அந்தப் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். மிகத் தாழ்வான உயரத்தைப் பல வண்டிகள் ஏற்காது.

மூடிவிட்டு, இப்போது காலால் திறந்து டேப்பில் அளங்கள். 194 காட்டினால் திரும்ப 190-ல் வைத்துப் பதியுங்கள். அதன் பிறகு பார்க்கிங்கில் ஒரு முறை, யாராவது பீமைப் பார்த்து நிற்க, நீங்கள் பட்டனில் விரல் வைத்தபடி சோதியுங்கள். இந்த வரம்பு மோட்டாருக்குத்தான். பல வண்டிகளில் யாராவது கையால் தள்ளினால் கதவு அதைத் தாண்டியும் மேலே போகும். சாமான் இறக்க உதவ வருகிறவர்களிடம் சொல்லி வையுங்கள்.

பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு சில வண்டிகள் கதவின் நிலையையே மறந்துவிடும். கிக்கும் பட்டனும் வேலை செய்யாமல் போவதுதான் அதன் அடையாளம். பெரும்பாலும் கதவைக் கையால் ஒருமுறை முழுதாக மூடினால் அது மீண்டும் தன் தொடக்கத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும். ஆனால் நீங்கள் வைத்த 192 இருக்கிறதா, பழையபடி 208-க்கே போய்விட்டதா என்பதைப் பீமுக்கு அடியில் சோதிக்க வேண்டாம். சர்வீஸ் சென்டரின் வாசலிலேயே திறந்து பார்த்துவிட்டு வாருங்கள்.