பல்லின் மேல் விழும் பழி

ஏழு மாதக் குழந்தைக்குக் காலையிலிருந்து ஐந்தாறு முறை தண்ணீராகப் போகிறது. உடம்பும் அனலாகக் கொதிக்கிறது. "பல்லு முளைக்குதுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்கிறார் பாட்டி. டாக்டரிடம் போவது இரண்டு நாள் தள்ளிப்போகிறது. அந்த இரண்டு நாளில்தான் ஆபத்து.

பல்லின் மேல் பழி போடும் பழக்கம் உலகெங்கும் உண்டு. இங்கிலாந்தில் 'பல் முளைக்கும் பவுடர்' என்ற பெயரில் கலோமெல் எனும் பாதரச உப்பைக் குழந்தைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தார்கள். கைகால்கள் சிவந்து தோல் உரிந்து, வெளிச்சம் பட்டாலே வீறிட்டு அழுத குழந்தைகளின் நோய்க்கு 'பிங்க் டிசீஸ்' என்று பெயர் வந்தது. காரணம் நெடுநாள் தெரியவில்லை. அந்தக் குழந்தைகளின் சிறுநீரில் பாதரசம் இருப்பதை 1940-களில் அமெரிக்க மருத்துவர் ஜோசஃப் வர்கானி கண்டுபிடித்தார். 1954-இல் பிரிட்டிஷ் தயாரிப்பாளர்கள் பவுடரிலிருந்து பாதரசத்தை எடுத்தார்கள். சில ஆண்டுகளில் நோயும் மறைந்துபோனது.

அப்படியானால் பல் உண்மையில் என்னதான் செய்யும்? அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் 125 குழந்தைகளின் பெற்றோர் தினமும் குறிப்பெடுத்துத் தந்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. பல் வெளிவருவதற்கு நான்கு நாள் முன்பிருந்து மூன்று நாள் பின்பு வரை எச்சில் வடிதல், கடித்தல், ஈறைத் தேய்த்தல், சிணுங்கல், உடம்பில் லேசான சூடு ஆகியவை கூடியிருந்தன. பேதிக்கும் கடுங்காய்ச்சலுக்கும் பல்லோடு தொடர்பு தெரியவில்லை.

பல்லும் பேதியும் ஒரே சமயத்தில் வருவது தற்செயல்தான். ஆறாம் மாதத்தையொட்டித் தாயிடமிருந்து வந்த நோய் எதிர்ப்புப் பொருட்கள் குறைகின்றன, திட உணவு தொடங்குகிறது, தரையில் கிடப்பதெல்லாம் வாய்க்குப் போகிறது. கிருமி வயிற்றுக்குப் போக இவ்வளவு போதும். பேதியென்றால் தாய்ப்பாலை நிறுத்தாமல் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்க வேண்டும். உச்சிக்குழி உள்வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஈறு வலிக்குக் கழுவிய விரலால் மெல்லத் தேய்த்துவிடலாம்; ஃபிரிட்ஜில் வைத்த ஈரத்துணியைக் கடிக்கக் கொடுக்கலாம். பென்சோகெய்ன் கலந்த மரப்பு ஜெல் கூடாது. அது ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைத்துவிடக்கூடும் என்பதால், இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தர வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்தது. அழுகையை நிறுத்த வெறும் நிப்பிள் கொடுப்பவர்கள் அதைத் தேனில் தோய்க்கவே கூடாது. ஒரு வயதுக்குள் தேன், பாட்டுலிசம் எனும் நரம்பு முடக்க நோயைக் கொண்டுவரலாம். மூன்று வயதுக்குள் நிப்பிளை விட்டுவிட்டால், அதைச் சப்பியதால் மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே விழுந்த இடைவெளி பெரும்பாலும் தானே சரியாகும்.

துலக்குவது முதல் பல் தெரிந்த அன்றே தொடங்க வேண்டும். மிருதுவான சின்ன பிரஷ், அரிசிமணி அளவு ஃபுளோரைடு பேஸ்ட், தினம் இரண்டு வேளை. குழந்தையை மடியில் மல்லாத்தினால் வாய் நன்றாகத் தெரியும்.

இரவில் வாயில் பால்புட்டியோடு தூங்கும் குழந்தைக்கு மேல் முன்பற்களே முதலில் கெடும். கீழ்ப் பற்களை நாக்கும் எச்சிலும் காக்கின்றன. அதனால் துலக்கும்போது மேலுதட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஈறோரம் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் தொடக்கம். அந்த நிலையில் பல் மருத்துவரிடம் போனால் ஃபுளோரைடு பூசியே பெரும்பாலும் தடுத்துவிட முடியும். பழுப்பாகிக் குழி விழுந்த பல்லுக்கு அது போதாது.