புக்மார்க் எங்கேயும் போகவில்லை

ஒரு சிறிய வரி ஆலோசகர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். கணினி ஒன்று, அதில் வேலை பார்ப்பவர்கள் இருவர். மாலையில் புதிதாகச் சேர்ந்த பணியாளர் தன் ஜிமெயிலைத் திறக்கிறார். புதிய புரொஃபைலில் தொடரலாமா என்று குரோம் கேட்கிறது. அவரும் யோசிக்காமல் சரி என்கிறார். மறுநாள் காலை மூத்த பணியாளர் வந்து குரோமைத் திறந்தால் புக்மார்க் வரிசை வெறுமையாகக் கிடக்கிறது. ஜிஎஸ்டி தளத்துக்குப் போனால், தானாக வந்து உட்காரும் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் வரவில்லை. ஐந்து வருடச் சேமிப்பு அழிந்துவிட்டது என்று அவர் பதறுவது நியாயம்தான்.

உண்மையில் ஒன்றும் அழியவில்லை. குரோமில் புரொஃபைல் என்பது தனித்தனிப் பூட்டுள்ள அலமாரி அல்ல. கணினிக்குள் இருக்கும் தனித்தனி ஃபோல்டர், அவ்வளவே. முதல் புரொஃபைலின் ஃபோல்டருக்கு Default என்று பெயர். அடுத்து உருவாவது Profile 1, அதற்கடுத்தது Profile 2. ஒவ்வொன்றிலும் புக்மார்க், சேமித்த பாஸ்வேர்டு, பார்த்த தளங்களின் வரலாறு, எக்ஸ்டென்ஷன் எல்லாம் தனித்தனியே இருக்கும். ஒன்றில் உள்ளது இன்னொன்றில் தெரியாது. கடைசியாக எந்தப் புரொஃபைல் பயன்பட்டதோ அதை குரோம் நினைவில் வைத்துக்கொண்டு, பெரும்பாலும் அதையே மறுபடி திறக்கிறது. முந்தைய மாலை கடைசியாக இருந்தது புதியவருடையது. காலையில் வந்ததும் அதுவே.

வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சல் மென்பொருளிலோ வந்த இணைப்பைச் சொடுக்கும்போதும் இதே குழப்பம் வரும். கடைசியாகக் கையாண்ட சன்னல் எந்தப் புரொஃபைலுடையதோ, இணைப்பும் பொதுவாக அதில்தான் போய்த் திறக்கும்.

எந்தப் புரொஃபைலில் இருக்கிறோம் என்பதைச் சன்னலின் வலது மேல் மூலையிலுள்ள வட்டப் படம் காட்டிவிடும். அதில் சந்தேகம் தீராவிட்டால், முகவரிப் பட்டையில் இதைத் தட்டச்சு செய்யலாம்:

```
chrome://version
```

வரும் பக்கத்தில் Profile Path என்ற வரியின் கடைசிச் சொல்லைப் பார்த்தால் போதும். நம் மூத்த பணியாளருக்கு அங்கே Profile 1 என்று இருக்கும். அவருடைய பழைய சேமிப்போ Default ஃபோல்டரில் அப்படியே இருக்கிறது. இனி அந்த வட்டப் படத்தைச் சொடுக்கி, கீழே தெரியும் பட்டியலில் தன் பெயரைத் தேர்ந்தெடுத்தால் புதிய சன்னல் ஒன்று திறக்கும். புக்மார்க்குகள் எல்லாம் அதில் இருக்கும். விண்டோஸில் Ctrl+Shift+M அழுத்தினாலும் அதே பட்டியல் வரும்.

ஜிமெயில் பக்கத்துக்குள் கணக்கை மாற்றுவது வேறு, புரொஃபைல் மாற்றுவது வேறு. இரண்டுக்கும் ஒரே மாதிரி வட்டப் படம் இருப்பதால் பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். இணையப் பக்கத்துக்குள் இருக்கும் வட்டம் கணக்கை மட்டுமே மாற்றும். முகவரிப் பட்டைக்குப் பக்கத்தில் இருப்பதே புரொஃபைலுக்கு உரியது.

உண்மையான சேதம் பெரும்பாலும் இந்தப் பதற்றத்துக்குப் பிறகு நடக்கிறது. குரோமை அன்இன்ஸ்டால் செய்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்று சிலர் இறங்குகிறார்கள். அப்போது உலாவிய தரவையும் நீக்கவா என்ற கட்டத்தில் டிக் செய்துவிட்டால், அந்தக் கணினியிலுள்ள எல்லாப் புரொஃபைல்களும் போய்விடும். வேண்டாத புரொஃபைலை நீக்குவதாக நினைத்துத் தன்னுடையதையே நீக்குவதும் உண்டு. கூகுள் கணக்கில் சிங்க் செய்யாமல் கணினியில் மட்டும் இருந்த புக்மார்க், பாஸ்வேர்டு எதுவும் அதன்பின் கூகுளிடமிருந்து திரும்பக் கிடைக்காது. இன்னொரு தவறு, அந்நியப் புரொஃபைலில் தன் கணக்கை நுழைத்து சிங்கை இயக்குவது. அப்படிச் செய்தால் இருவருடைய புக்மார்க்குகளும் ஒன்றாகக் கலந்துவிடலாம். பிறகு அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

மீண்டும் இப்படி நடக்காமலிருக்க, வட்டப் படத்தின் பட்டியலிலிருந்து புரொஃபைல் தேர்வுத் திரைக்குப் போய், தொடக்கத்தில் காட்டு என்ற பொருளில் இருக்கும் Show on startup கட்டத்தை டிக் செய்யலாம். குரோமைத் திறக்கும்போதே யார் என்று அது கேட்கும். ஒவ்வொருவருக்கும் வேறு நிறமும் வேறு படமும் வைத்துவிட்டால் கண்ணே காட்டிக்கொடுக்கும். புரொஃபைல் அமைப்பிலேயே அதற்கெனத் தனி டெஸ்க்டாப் ஐகான் உருவாக்கும் வசதியும் இருக்கிறது.

ஆனால் அதே கணினியில் உட்காருபவர் யாராக இருந்தாலும் ஒரே சொடுக்கில் அடுத்தவர் புரொஃபைலுக்குள் போய்விட முடியும். வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுகள் சேமித்திருக்கும் அலுவலகத்தில் இது போதாது. ஒவ்வொருவருக்கும் பாஸ்வேர்டுடன் தனி விண்டோஸ் கணக்கு வைத்துக்கொடுங்கள்.