ஓவர்ரவுண்ட் (பந்தயம்)

ஓவர்ரவுண்ட் என்பது, ஒரு பந்தயத்தில் புக்மேக்கர் அறிவிக்கும் விகிதங்களை நிகழ்தகவுகளாக மாற்றிக் கூட்டும்போது, அந்தக் கூட்டுத்தொகை 100 விழுக்காட்டை எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைக் குறிக்கும். புக்மேக்கர் தனியாகக் கட்டணம் கேட்பதில்லை. அவருடைய வருவாய் இந்த மிகுதியில்தான் ஒளிந்திருக்கிறது.

இங்கிலாந்துக் கால்பந்து ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளூர் அணி வெல்ல 50%, சமநிலைக்கு 28%, வெளியூர் அணி வெல்ல 22% வாய்ப்பு என்று புக்மேக்கர் கணிக்கிறார். 1-ஐ நிகழ்தகவால் வகுத்தால் நியாயமான விகிதம் கிடைக்கும்: 2.00, 3.57, 4.55. கட்டிய ஒரு பவுண்டுக்கு, அந்தப் பவுண்டையும் சேர்த்துத் திரும்பக் கிடைக்கும் தொகை இது. இப்படியே விற்றால் அவருக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே அவர் 1.90, 3.40, 4.20 என்று குறைத்து அறிவிக்கிறார்.

இதிலிருந்து ஓவர்ரவுண்டைக் கண்டறியத் தலைகீழ் எண்களைக் கூட்டினால் போதும்:

1/1.90 + 1/3.40 + 1/4.20 = 0.5263 + 0.2941 + 0.2381 = 1.0585

கூட்டுத்தொகை 105.85%, ஓவர்ரவுண்ட் 5.85%. அதாவது, மூன்று முடிவுகளின் மீதும் முறையே 5,263, 2,941, 2,381 பவுண்டு வந்து சேர்ந்தால், மொத்த வரவு 10,585. எந்த முடிவு வந்தாலும் அவர் கொடுப்பது ஏறத்தாழ 10,000. மீதி 585 அவருக்கு. வரவில் இது 5.53% (5.85 ÷ 105.85). ஓவர்ரவுண்டையும் இந்த இலாப விழுக்காட்டையும் ஒன்றாகக் கருதுவது பரவலான பிழை. தவிர, பணம் இதே அளவில் பிரிந்து வரும் என்ற உறுதி கிடையாது. ஒரே பக்கம் குவிந்தால் புக்மேக்கரும் இழக்கலாம்.

குதிரைப் பந்தயத்தில் விகிதம் 5/2 எனப் பின்னமாக வரும். இதில் 2 கட்டினால் 5 இலாபம். நிகழ்தகவு 2/(5+2), அதாவது 28.57%. ஓடும் குதிரைகள் அனைத்தையும் கூட்ட வேண்டும். ஒரே புக்மேக்கரின் விகிதங்கள் 100-க்குக் கீழே வந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு குதிரை விடுபட்டிருக்கும். முதல் மூன்று இடங்களுக்குள் வரும் குதிரைக்கான பந்தயம் வேறு கணக்கு. அங்கே மூன்று குதிரைகள் வெல்வதால், கூட்டுத்தொகையை 300 விழுக்காட்டோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஒவ்வொரு நிகழ்தகவையும் 1.0585-ஆல் வகுத்தால் புக்மேக்கரின் உண்மைக் கணிப்பு வெளிப்பட்டுவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். மேற்கண்ட எடுத்துக்காட்டில் அப்படி வகுத்தால் வெளியூர் அணிக்கு 22.49% வருகிறது, கணிப்போ 22% மட்டுமே. காரணம், மிகுதி சமமாகப் பங்கிடப்படவில்லை. அந்தக் கணிப்பின்படி, உள்ளூர் அணி மீது கட்டும் 100 பவுண்டில் சராசரியாக 5 பவுண்டு போகும். வெளியூர் அணி மீது கட்டினால் 7.60 போகும். வாய்ப்புக் குறைந்த பக்கத்தில் கூடுதலாகக் கழிப்பது புக்மேக்கர்களின் பழைய வழக்கம். விகிதம் பெரிதாக இருப்பதால், கட்டுபவரின் கண்ணுக்கு அது எளிதில் படாது.