இரு புள்ளிகளுக்கு இடையே ஒரு செவ்வகம்

வரைபடத்தாளில் ஒரு புள்ளியின் இடத்தைச் சொல்ல இரண்டு எண்கள் போதும். ஆதிப்புள்ளியிலிருந்து x அச்சின் வழியே எவ்வளவு தள்ளிப் போக வேண்டும் என்பது முதல் எண். அங்கிருந்து மேலேயோ கீழேயோ எவ்வளவு போக வேண்டும் என்பது இரண்டாவது எண். வலப்பக்கமும் மேற்பக்கமும் மிகை எண்களுக்கு உரியவை. இடப்பக்கமும் கீழ்ப்பக்கமும் குறை எண்களுக்கு உரியவை. இப்படி இரண்டு புள்ளிகளைக் குறித்துவிட்டால், அவற்றைப் பற்றி முதலில் எழும் கேள்விகள் இரண்டு. அவற்றுக்கு இடையே தொலைவு எவ்வளவு? அவற்றின் சரிபாதி எங்கே விழுகிறது?

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இந்த இரண்டுக்கும் சூத்திரங்களை மனப்பாடம் செய்கிறார்கள். இரண்டும் தனித்தனிச் சூத்திரங்களாகவே நினைவில் பதிகின்றன. அதனால்தான் ஒன்றில் வர வேண்டிய கழித்தல் மற்றொன்றுக்குள் புகுந்துவிடுகிறது. தாளில் ஒரே ஒரு செவ்வகத்தை வரைந்து பார்த்தால் இரண்டு விடைகளும் அதற்குள்ளேயே இருப்பது தெரியும். வந்த விடை நம்பத் தக்கதா என்பதையும் அந்தச் செவ்வகமே சொல்லிவிடும்.

A(−3, 5), B(4, −1) என்ற புள்ளிகளை எடுத்துக்கொள்ளலாம். A இடப்பக்கம் மேலே இருக்கிறது; B வலப்பக்கம் கீழே இருக்கிறது. A வழியாகவும் B வழியாகவும் அச்சுகளுக்கு இணையாகக் கோடுகள் இழுத்தால் ஒரு செவ்வகம் கிடைக்கும். A அதன் ஒரு மூலை, B அதற்கு எதிர்மூலை. செவ்வகத்தின் அகலத்தைக் கட்டங்களை எண்ணியே சொல்லலாம். −3 இலிருந்து 0 வரை மூன்று கட்டம், 0 இலிருந்து 4 வரை நான்கு கட்டம், ஆக ஏழு. உயரமும் அப்படியே: 5 இலிருந்து 0 வரை ஐந்து, 0 இலிருந்து −1 வரை ஒன்று, ஆக ஆறு. அச்சைத் தாண்டும்போது இரண்டு பக்கத்து நீளங்களும் கூடுகின்றன. 4 − (−3) என்று எழுதும்போது இரண்டு கழித்தல் குறிகள் சேர்ந்து கூட்டலாக மாறுவதற்குக் காரணமும் இதுதான்.

A இலிருந்து B வரை உள்ள நேர்கோடு இந்தச் செவ்வகத்தின் மூலைவிட்டம். அது செவ்வகத்தை இரண்டு செங்கோண முக்கோணங்களாகப் பிரிக்கிறது. ஒரு முக்கோணத்தின் செங்கோணத்தை ஒட்டிய பக்கங்கள் 7, 6; AB அதன் கர்ணம். பிதாகரஸ் தேற்றப்படி கர்ணத்தின் வர்க்கம் 49 + 36 = 85. எனவே தொலைவு √85. இதைத்தான் சூத்திரம் பொதுவான எழுத்துகளில் சொல்கிறது:

d = √((x₂ − x₁)² + (y₂ − y₁)²)

எந்தப் புள்ளியை முதலாவதாகக் கொண்டாலும் விடை மாறாது. வித்தியாசம் 7 ஆனாலும் −7 ஆனாலும் வர்க்கம் 49 தான். ஆனால் x எண்ணிலிருந்து இன்னொரு x எண்ணைத்தான் கழிக்க வேண்டும். Y எண் இடையில் நுழைந்தால் கழித்து வருவது செவ்வகத்தின் எந்தப் பக்கமும் ஆகாது.

√85 எவ்வளவு என்பதைக் கால்குலேட்டர் இல்லாமலும் நெருங்கலாம். 9 இன் வர்க்கம் 81. 10 இன் வர்க்கம் 100. 85 என்பது 81 ஐ விட நான்கு கூடுதல். அந்த நான்கை 9 இன் இருமடங்கான 18 ஆல் வகுத்தால் சுமார் 0.22. ஆகவே தொலைவு ஏறத்தாழ 9.22 அலகு.

இந்த விடை சரியாக இருக்கக்கூடியதா? செவ்வகத்தைப் பார்த்தே இரண்டு எல்லைகளைச் சொல்லலாம். மூலைவிட்டம் செவ்வகத்தின் நீண்ட பக்கத்தைவிடக் குறைய முடியாது. எனவே விடை 7 க்குக் கீழே போகக் கூடாது. மேல் எல்லை, நீண்ட பக்கத்தையே பக்கமாகக் கொண்ட சதுரத்தின் மூலைவிட்டம். அது பக்கத்தைப் போல் சுமார் 1.41 மடங்கு, அதாவது 9.9. நம் செவ்வகம் 7, 6 என்று ஏறக்குறையச் சதுரமாகவே இருப்பதால் விடை மேல் எல்லையை ஒட்டி இருக்க வேண்டும். 9.22 அப்படித்தான் இருக்கிறது. செவ்வகம் 12 அகலமும் 1 உயரமுமாக மெலிந்திருந்தால் விடை கீழ் எல்லையோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே தொலைவு √145, சுமார் 12.04.

வழக்கமாக நேரும் பிழைகளில் பல இந்த எல்லைகளுக்கு வெளியே விழுகின்றன. குறை எண்ணின் குறியைக் கவனிக்காமல் 4 − 3 = 1 என்றும் 5 − 1 = 4 என்றும் எடுத்தால் √17, சுமார் 4.12 வரும். ஏழு கட்டம் அகலமுள்ள செவ்வகத்தின் மூலைவிட்டம் நான்கு கட்டமாக இருக்க முடியாது. இன்னொரு பிழை √(49 + 36) என்பதை 7 + 6 = 13 என்று பிரித்துவிடுவது. 13 என்பது வயலின் இரண்டு வரப்புகளின் வழியே சுற்றிப்போகும் நீளம். குறுக்கே போகும் வழி அதைவிடக் குறைந்தே தீரும். மூன்றாவது பிழை கால்குலேட்டரில் நேர்வது. −7 இன் வர்க்கத்தை அடைப்புக்குறி இல்லாமல் −7² என்று அழுத்தினால் பல கருவிகள் −49 என்று காட்டும். அதோடு 36 ஐக் கூட்டினால் வர்க்கமூலக் குறிக்குள் குறை எண் வந்து கணக்கு நின்றுவிடும். கணக்கு நின்றால் பிழை தெரிந்துவிடும். இன்னொரு வித்தியாசம் பெரிதாக இருந்து கூட்டுத்தொகை மிகையாகவே வந்தால்தான் ஆபத்து. அப்போது தவறான எண் ஒன்று சத்தமில்லாமல் விடையாக நிற்கும். அதைப் பிடிக்கவும் செவ்வகத்தின் எல்லைகள் உதவும்.

இனி நடுப்புள்ளி. அதே செவ்வகத்தில் மற்ற மூலைவிட்டத்தையும் வரைந்தால் இரண்டும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று சரிபாதியாக வெட்டும் என்பதால் அந்த இடமே AB இன் நடுப்புள்ளி. அகலம் ஏழின் பாதி 3.5, A இலிருந்து வலப்பக்கம் 3.5 போனால் −3 + 3.5 = 0.5. உயரம் ஆறின் பாதி 3; A இலிருந்து கீழே 3 இறங்கினால் 5 − 3 = 2. நடுப்புள்ளி M(0.5, 2). சூத்திரம் இதே இடத்துக்குச் சராசரி வழியாக வருகிறது:

M = ((x₁ + x₂)/2, (y₁ + y₂)/2)

(−3 + 4)/2 = 0.5; (5 + (−1))/2 = 2. தொலைவுக்குக் கழித்தோமே என்று இங்கும் கழித்துப் பாதியாக்குபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் (3.5, −3) வரும். செவ்வகம் y = −1 என்ற கோட்டோடு முடிந்துவிடுகிறது; இந்தப் புள்ளியோ அதற்கும் கீழே கிடக்கிறது. செவ்வகத்துக்கு வெளியே ஒரு நடுப்புள்ளி இருக்க வழியில்லை. வந்த 3.5, −3 இரண்டும் பயனற்றவையும் அல்ல. அவை A இலிருந்து பாதி வழிக்கு எவ்வளவு நகர வேண்டும் என்பதைச் சொல்கின்றன. நகர்வைப் போய் இடமாக எழுதியதுதான் தவறு.

செவ்வகத்துக்குள் இருப்பதாலேயே ஒரு புள்ளி நடுப்புள்ளி ஆகிவிடாது. −1 இன் குறியை விட்டுவிட்டு (5 + 1)/2 = 3 என்று கணக்கிட்டால் (0.5, 3) வரும். அது செவ்வகத்துக்குள்தான் இருக்கிறது. ஆனால் AB கோட்டிலிருந்து ஒரு கட்டம் மேலே விலகி நிற்கிறது. கோட்டைக் கையால் கோணலாக இழுத்திருந்தால் இந்த விலகல் கண்ணுக்குத் தப்பிவிடலாம். அளவுகோல் வைத்து இழுத்திருந்தால் தப்பாது.

நடுப்புள்ளியைச் சரிபார்க்க இரு முனைகளிலிருந்தும் அதன் தொலைவு சமமா என்று பார்ப்பது பலர் செய்யும் வழி. அது மட்டும் போதாது. (3.5, 5.5) என்ற புள்ளியை எடுத்துப் பார்க்கலாம். A இலிருந்து அதன் தொலைவின் வர்க்கம் 6.5² + 0.5² = 42.5. B இலிருந்து 0.5² + 6.5² = 42.5. இரண்டும் சமம், ஆனால் புள்ளி AB கோட்டின் மேல் இல்லவே இல்லை. AB ஐச் செங்குத்தாக இருசமமாக வெட்டும் கோட்டில் உள்ள எல்லாப் புள்ளிகளுக்கும் இந்தச் சமத்தன்மை உண்டு. ஆகவே நகர்வைச் சரிபார்ப்பதே உறுதியான வழி. A இலிருந்து M க்கு வலப்பக்கம் 3.5, கீழே 3. M இலிருந்து B க்கும் வலப்பக்கம் 3.5, கீழே 3. இரண்டு நகர்வுகளும் அளவிலும் திசையிலும் ஒன்றாக இருந்தால் M சந்தேகமில்லாமல் நடுப்புள்ளி. ஒரு முனையும் நடுப்புள்ளியும் தந்து மறுமுனையைக் கேட்டாலும் இதே நகர்வை இன்னொரு முறை செய்தால் போதும்.

வரைந்து சரிபார்ப்பதற்கும் எல்லை உண்டு. 1 செ.மீ. = 1 அலகு என்ற அளவுத்திட்டத்தில் மில்லிமீட்டர் கட்டங்கள் உள்ள தாளில், கூர்மையான பென்சிலால் வரைந்தாலும் 0.1 அலகுக்கு மேல் நுட்பமாகப் படிக்க முடியாது. AB ஐ அளந்தால் 9.2 செ.மீ. கிடைக்கும், விடை 9.22 என்பதை உறுதிசெய்ய அது போதும், 9.22 ஐக் கண்டுபிடிக்கப் போதாது. கணக்கைப் படியெடுக்கும்போதே 4 ஐ 7 என்று எழுதிவிட்டு, அந்த எழுத்தைப் பார்த்தே படத்தையும் வரைந்தால், படமும் விடையும் ஒன்றுக்கொன்று பொருந்தும். இரண்டும் தவறாக இருக்கும். அதனால் புள்ளிகளை வினாத்தாளைப் பார்த்தே குறிக்க வேண்டும், செய்த கணக்கைப் பார்த்து அல்ல.

அளவுத்திட்டத்தில் வரும் சிக்கல் இன்னும் கவனிக்க வேண்டியது. தாளில் இடம் போதாதபோது x அச்சில் 1 செ.மீ. = 1 அலகு, y அச்சில் 1 செ.மீ. = 2 அலகு என்று வைப்பது வழக்கம். அப்போது உயரம் ஆறு அலகு தாளில் மூன்றே செ.மீ. ஆகச் சுருங்கும். அளவுகோலில் AB இன் நீளம் √58, சுமார் 7.6 செ.மீ. என்று வரும். இதைப் பார்த்து 9.22 ஐத் தவறென்று அடித்துவிடக் கூடாது. இரு அச்சுகளிலும் ஒரே அளவுத்திட்டம் இருந்தால்தான் அளவுகோல் தொலைவைச் சொல்லும். நடுப்புள்ளிக்கு இந்தத் தடை இல்லை. ஒரு பக்கம் சுருங்கினாலும் செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் அதே (0.5, 2) இல்தான் வெட்டிக்கொள்ளும்.

அச்சுகள் வேறு வேறு பொருள்களைக் குறிக்கும்போது இந்த வேறுபாடு இன்னும் ஆழமாகிறது. x அச்சில் நேரமும் y அச்சில் வெப்பநிலையும் உள்ள வரைபடத்தில் இரு புள்ளிகளின் நடுப்புள்ளிக்குப் பொருள் உண்டு: இரு நேரங்களின் நடுநேரம், இரு வெப்பநிலைகளின் சராசரி. தொலைவுக்கோ பொருளே இல்லை. மணியின் வர்க்கத்தோடு டிகிரியின் வர்க்கத்தைக் கூட்ட முடியாது.

அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அப்படியே x, y ஆக எடுத்துக்கொள்வதும் இதே காரணத்தால் தவறாகிறது. அட்சரேகையில் ஒரு டிகிரி எங்கும் சுமார் 111 கி.மீ. தீர்க்கரேகையில் ஒரு டிகிரி நிலநடுக்கோட்டில் ஏறக்குறைய அதே அளவு. 13 டிகிரி வடக்கில் உள்ள சென்னையில் சுமார் 108 கி.மீ.; 60 டிகிரி வடக்கில் பாதியாகக் குறைந்துவிடும். சென்னையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு டிகிரிகளை முதலில் கிலோமீட்டராக மாற்றிக்கொண்டு சூத்திரத்தைப் போட்டால் நல்ல விடை வரும். கண்டங்களைத் தாண்டிய தொலைவுக்கு அதுவும் உதவாது. பூமியின் வளைவைக் கணக்கில் கொள்ளும் வேறு சூத்திரம் வேண்டும்.